வண்டி கிளம்பும் முன் ஐந்து விநாடி

எங்கள் தெரபி மையத்தில் பிள்ளைக்கு ஒரு ஃபைல் போடுவோம். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, ஊர், அதன் கீழே தொடர்பு எண். அந்த எண்ணுக்கு ஒரே ஒரு கோடுதான் அச்சடித்திருந்தோம். பெரும்பாலும் அதில் அம்மாவின் நம்பர்தான் இருக்கும். நேரம் மாறினால் அவருக்குத்தான் கூப்பிடுவோம். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை அவரிடம்தான் சொல்லி அனுப்புவோம்.

கவினின் ஃபைலில் நான்காவது மாதம் நான் எழுதிய ஒரு வரி இன்னும் இருக்கிறது: "அப்பா ஒத்துழைப்பதில்லை." அதை எழுதிய நாள்வரை அந்த அப்பாவிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

கவின், செந்தில், சித்ரா என்பவை கற்பனைப் பெயர்கள். திருப்பூர்ப் பக்கம் பேச்சுப் பயிற்சிக்கு வந்த பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்து ஒரு குடும்பமாக இங்கே சொல்கிறேன். கவினுக்கு மூன்றரை வயது. காது கேட்பதில் குறையில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தார். தானாகச் சொல்லும் சொற்கள் ஆறு. டி.வி. விளம்பரத்தின் வரிகளை மட்டும் அப்படியே ஒப்பிப்பான். வேண்டியதைக் கேட்கத் தெரியாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான்.

சித்ரா வாரம் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறி அவனைத் தூக்கிக்கொண்டு வருவார். "வீட்ல அவங்கப்பா என்னங்க பண்றாரு?" என்று கேட்டால், "அவருக்கு இதுல அக்கறையே இல்லீங்க மேடம். கேட்டா, பேசுவான் விடுங்கறாரு" என்பார்.

வராததற்குக் கணக்கு உண்டு

செந்தில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். பீஸ் ரேட். தைத்த உருப்படிக்குத்தான் காசு. அந்தக் கணக்கு சனிக்கிழமை கைக்கு வரும். நாங்கள் கொடுத்திருந்த நேரமோ செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொன்று. அவர் அந்த நேரத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் போகும். அந்தச் சம்பளத்தில்தான் தெரபி ஃபீஸும் பஸ் காசும் வருகின்றன. வீட்டில் யார் வேலைக்குப் போவது, யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவது என்பதை அவர்கள் சண்டை போட்டு முடிவு செய்யவில்லை. எங்கள் நேர அட்டவணை அவர்களுக்காக முடிவு செய்துவிட்டது.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். மையத்தில் நடப்பதெல்லாம் அப்பாவுக்கு அம்மாவின் வாய்வழியாகத்தான் போகிறது. "ஃபோட்டோ அட்டையைக் காட்டிக் கேக்கச் சொன்னாங்க", "போனைக் குடுக்காதீங்கன்னு திட்டுனாங்க" என்று இரவு ஒன்பது மணிக்கு, சோறு போடும்போது சொல்வார். நான் மென்மையாகச் சொன்னதுகூட அங்கே போய்ச் சேரும்போது புகாராக மாறிவிடும். மனைவி சொன்னதைச் செய்தால் அவரிடம் தோற்றதாகிவிடும். செய்யாவிட்டால் அக்கறையில்லாதவர் ஆகிவிடுவார். அதற்குப் பேசாமல் இருப்பதே மேல் என்று அந்த மனிதர் முடிவெடுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆட்டிசத் துறைக்குப் பழி போடும் பழக்கம் புதிதும் அல்ல. 1943இல் லியோ கானர் இந்த நிலையைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு, அம்மாவின் பாசக்குறைவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற எண்ணம் அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது. அதை எதிர்த்து 1964இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி, இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது என்று வாதிட்டவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பா. அந்தப் பழியை அசைத்ததில் ஓர் அப்பாவுக்கு இவ்வளவு பங்கு இருந்தும், நம் ஊரில் அதே பழி இடம் மாறி வந்து நிற்கிறது: "நீங்க டைம் குடுக்கறதில்ல, போனைக் குடுக்கறீங்க. அதான் இப்படி." போன் பேச வேண்டிய நேரத்தைத் தின்னும் என்பது சரி. அப்பா பேசாததால் ஆட்டிசம் வந்தது என்பது தவறு. தவறான காரணத்தைச் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டால், அவர் வரவேண்டியது தண்டனைக்குத்தான்.

முதல் போன்

ஃபைலில் இரண்டாவது கோடு ஒன்றைப் பேனாவால் போட்டு, சித்ராவிடம் செந்திலின் நம்பர் வாங்கினேன். எப்போது கூப்பிடலாம் என்று வாட்ஸப்பில் கேட்டேன். "ஞாயிறு பத்து மணிக்கு மேல" என்று பதில் வந்தது.

அந்த முதல் அழைப்புக்கு நான் எனக்கே மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். புகார் எதுவும் சொல்லக்கூடாது. வரச் சொல்லிக் கேட்கக்கூடாது. மனைவி என்னிடம் சொன்ன எதையும் எடுத்துக்காட்டக்கூடாது. "அவங்க சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்த வீட்டில் அன்று இரவு சண்டை.

"செந்திலண்ணா, கவினுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கறேன். இங்க அவன் ஒரு மாதிரி இருக்கான், வீட்ல வேற மாதிரி இருப்பான். உங்ககூட இருக்கும்போது எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியல. அதைத்தான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "என்கூட நல்லாத்தானுங்க இருப்பான். காலையில பால் பாக்கெட் வாங்கப் போவமுங்க, எக்ஸெல்ல. அவன் முன்னாடி நின்னுக்குவான். வண்டி ஸ்டார்ட் பண்ணுனா அப்படி ஒரு சிரிப்பு."

நான்கு மாதத்தில் கவினைப் பற்றி எனக்குக் கிடைத்த மிக உபயோகமான தகவல் அதுதான். மையத்தில் அவன் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. எந்தப் பொம்மையும் அவனை இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்கவில்லை. வீட்டிலோ, தினமும் காலையில் ஒருவரோடு ஒரு விளையாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

அந்த அழைப்பிலேயே அவர் அந்தப் பழைய வாக்கியத்தையும் சொன்னார். "நானே நாலு வயசுலதானுங்க பேசுனேன். இவனும் பேசிருவான்." இதை மறுத்து வாதாடத்தான் எனக்குப் பழக்கம். அன்று மறுக்கவில்லை. குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசியிருந்தால், அதை நாங்கள் எப்படியும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதனால், "இது எனக்கு வேணும்ணா, எழுதிக்கறேன். அப்ப நீங்க பேசாம இருந்தாலும், வேணுங்கறதைக் கைநீட்டிக் காட்டுவீங்களா, கூப்பிட்டா திரும்புவீங்களான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றேன்.

கேட்டுவிட்டு அவரே அடுத்த வாரம் சொன்னார்: "எங்கம்மா, நான் எல்லாத்தையும் கைகாட்டிக் கேப்பன்னு சொன்னாங்க. இவன் காட்டறதில்லீங்களே." பேச்சு தாமதமாவது ஒன்று, கைகாட்டிக் கேட்பதும் பார்வையைப் பகிர்வதும் வராமல் இருப்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை நான் விளக்கியிருந்தால் அது என் வாதமாக இருந்திருக்கும். அவர் தாயிடம் கேட்டு வந்ததால் அது அவருடைய கண்டுபிடிப்பு ஆனது.

ஆட்டிசம் என்ற பெயரை அவர் ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்று டிக்கெட் கேட்பதைப்போல் நாங்கள் நடந்துகொள்வதுண்டு. அம்மா நான்கு மாதமாக மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, மற்ற அம்மாக்களோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சொல்லுக்குப் பழகுகிறார். அப்பாவுக்கு அந்தச் சொல் ஒரே நாளில் ஒரு சீட்டில் எழுதி வருகிறது. அவருக்கும் அந்த அவகாசம் வேண்டும். பிள்ளை என்ன செய்கிறான், என்ன செய்யவில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனால், பயிற்சியைத் தொடங்க அதுவே போதும்.

எக்ஸெல்லில் ஒரு பாடம்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மையத்தைத் திறக்க ஏற்பாடு செய்தோம். செந்தில் வந்தார், வண்டியிலேயே. உள்ளே அழைத்துப்போய் மேசைக்கு எதிரில் உட்கார வைத்திருந்தால் அது விசாரணையாகியிருக்கும். நாங்கள் வாசலில் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினோம்.

பால் வாங்கப் போவதை முதலிலிருந்து கடைசிவரை அடுக்கச் சொன்னேன். சாவியை எடுப்பது, செருப்பு, கேட்டைத் திறப்பது, ஏறுவது, சாவியைத் திருப்புவது, ஒரு ஹாரன், ஸ்டார்ட். ஏழு படிகள், தினமும் அதே வரிசையில். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது பெரிய நிம்மதி. அப்படித் தெரிந்த ஒன்று வரவேண்டிய இடத்தில் சற்று வராமல் நின்றால், அதை வரவைக்க அவன் ஏதாவது செய்யப் பார்ப்பான். பேச்சு பிறப்பதற்கு அது ஒரு நல்ல இடம்.

நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. ஆறு படிகளையும் வழக்கம்போலச் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் மட்டும் நிறுத்துங்கள். மகனின் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணுங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவன் திரும்பி உங்களைப் பார்த்தாலோ, ஹாண்டில்பாரைத் தட்டினாலோ, ஏதாவது சத்தம் போட்டாலோ, உடனே "போலாம்!" என்று சொல்லிக் கிளம்புங்கள். ஐந்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையென்றால், நீங்களே "போலாம்" என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். அவன் சொன்னால்தான் வண்டி என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம்.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் எல்டர் என்ற செவிலியர் பேராசிரியரும் குழுவினரும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அப்பாக்களுக்கென்றே வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்தவை நான்குதான்: பிள்ளை எதில் ஈடுபடுகிறானோ அதன் பின்னே போவது, அவன் செய்வதை உற்சாகமாகத் திருப்பிச் செய்வது, அவன் செய்வதைச் சின்னச் சொல்லால் சொல்வது, எதிர்பார்ப்போடு காத்திருப்பது. நான் செந்திலுக்கு முதலில் நான்காவதை மட்டும் எடுத்தேன். மற்ற மூன்றும் அவரிடம் ஏற்கெனவே பாதி இருந்தன.

கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். முதல் முறை அவர் செய்ததை என் போனில் இரண்டு நிமிடம் பிடித்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் "சொல்லு" என்ற சொல் பத்தொன்பது முறை வந்தது. "போலாம் சொல்லு. கவின், சொல்லு. சொல்லு சாமி." கவின் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்களுக்கு ஒரு விநாடி மௌனமே நீளம். பேசாத பிள்ளையின் முன்னால் அது இன்னும் நீளம்.

அந்தப் பத்தொன்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் ஓரிடத்தில் அவருக்கு இருமல் வந்து மூன்று விநாடி பேச்சு நின்றது. அப்போது கவின் திரும்பி அவரைப் பார்த்தான். அந்த மூன்று விநாடியை மட்டும் போட்டுக் காட்டினேன். "இங்க என்ன நடந்துச்சுண்ணா?"

மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் சும்மா இருந்தப்பத்தானுங்க பாத்திருக்கான்."

வீடியோவைப் போட்டு நன்றாக நடந்த இடத்தை மட்டும் காட்டுவது இந்தத் துறையில் பெற்றோர் பயிற்சியின் முக்கியமான கருவி. அதில் ஒருவரின் தவறைக் காட்டாமலே அவரைத் திருத்த முடியும். அப்பாக்களிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மனைவி முன்னால் இன்னொரு பெண் தன்னைத் திருத்துகிறாள் என்ற சங்கடம் அதில் இல்லை. திருத்துவது அவருடைய கண்தான்.

அப்பாவின் பேச்சு ஏன் வேண்டும்

அம்மா செய்வதே போதாதா, எதற்கு இவ்வளவு பாடுபட்டு அப்பாவைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். சித்ராவுக்குக் கவின் கண்ணசைத்தாலே என்ன வேண்டும் என்று தெரியும். அவன் கேட்பதற்கு முன் தண்ணீர் வந்துவிடும். செந்திலுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமைக்கு ஒரு பயன் இருக்கிறது.

ஜீன் பெர்கோ கிளீசன் என்ற அமெரிக்க மொழியியலாளர், அப்பாக்கள் குழந்தைகளிடம் பேசும் விதத்தை ஆராய்ந்து 1975இல் எழுதினார். குழந்தையின் மழலையோடு நாள்முழுதும் இருக்கும் அம்மா அளவுக்கு அப்பா அதைப் பிடித்துக்கொள்வதில்லை. "என்ன? என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்கிறார். அதனால் குழந்தை இன்னும் தெளிவாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் மனிதர்களோடு பேசுவதற்கு அப்பா ஒரு பாலம் என்பது அவர் கருத்து. பின்னால் வந்த ஆய்வுகளிலும், அப்பாக்கள் "எங்கே, ஏன், என்ன" என்ற கேள்விகளைக் கூடுதலாகக் கேட்பது பல குடும்பங்களில் தெரிந்தது.

ஆறு சொல் மட்டும் உள்ள பிள்ளைக்கு அந்தக் கேள்விகளை அப்படியே கொட்டினால் அவன் ஒதுங்கிவிடுவான். அதனால்தான் முதலில் காத்திருப்பு, கேள்வி பின்னால். ஆனால் செந்தில் கவினைச் சரியாகப் புரிந்துகொள்ளாததை நான் அவரிடம் குறையாகச் சொல்லவில்லை. "உங்களுக்குப் புரியலேன்னா நல்லதுதான்ணா. அவன் உங்களுக்குப் புரியவைக்கப் பாப்பான்" என்றேன். அவர் சிரித்தது அன்றுதான்.

அப்பாக்களை வரவைக்கும் வழியைப் பற்றி இன்னொரு ஆய்வும் நினைவில் வைக்கத்தக்கது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த பிள்ளைகளின் அப்பாக்களுக்கு, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் கிரிகரி ஃபேபியானோ குழுவினர் ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வகுப்பு. இன்னொரு குழுவுக்கு அதே பாடம், பிள்ளையோடு கால்பந்து ஆடிக்கொண்டே. 2009இல் வந்த முடிவின்படி, பிள்ளைகளின் நடத்தையில் வந்த முன்னேற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கால்பந்துக் குழுவின் அப்பாக்கள் அதிக வகுப்புகளுக்கு வந்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள், பாதியில் விட்டுப்போனவர்கள் குறைவு. பாடம் மாறவில்லை, உட்கார வைத்த இடம்தான் மாறியது.

காலண்டரில் வட்டமும் டிக்கும்

செந்திலின் வீட்டுச் சுவரில் ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர். பால் வாங்கித் திரும்பியதும் அன்றைய தேதியில் ஒரு குறி போடச் சொன்னேன். பார்த்தான் என்றால் வட்டம். கையால் ஏதாவது செய்தான் என்றால் கோடு. சத்தமோ சொல்லோ வந்தால் டிக். ஒன்றும் இல்லையென்றால் காலி. நாளைக்கு இருபது பயிற்சி எழுதிக் கொடுத்தால் எந்த வீட்டிலும் நடக்காது. ஒரு குறி என்றால் நடக்கும். பீஸ் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு அது புதிதும் இல்லை.

முதல் வாரம் ஏழு நாளில் ஒரு வட்டம். இரண்டாவது வாரம் மூன்று வட்டம். மூன்றாவது வாரம் ஐந்து, அதில் இரண்டு கோடு. நான்காவது வாரம் திடீரென்று எல்லாம் காலி. இரண்டு நாள் அழுகை. என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "பாக்கறானில்லீங்க, அப்ப சொல்லவும் சொல்லுவான்னு, சொல்லுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம இருந்தனுங்க" என்றார். பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்ததும் விலையை ஏற்றிவிடுகிறோம். நேற்றுவரை பார்வைக்குக் கிளம்பிய வண்டி இன்று சொல்லுக்குத்தான் கிளம்பும் என்றால், பிள்ளைக்கு அது ஏமாற்று. அழுகை வந்தால் காத்திருப்பு மிரட்டலாகிவிட்டது என்று பொருள். உடனே பழைய விலைக்கு இறங்க வேண்டும். இறங்கினார். ஆறாவது வாரம் வட்டங்கள் திரும்பி வந்தன. எட்டாவது வாரம் முதல் டிக்: "போ."

கைதட்டலில் ஒரு தவறு

அந்தச் செவ்வாய்க்கிழமை மையத்தில் எல்லோரும் செந்திலைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். சித்ரா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசமா நான் இவனைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றனுங்க மேடம். அவரு பத்து நிமிஷம் வண்டி ஓட்டுனதுக்குக் கைதட்டறீங்க."

எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. அப்பாவைப் பழிக்கக் கூடாது என்று கவனமாக இருந்ததில், அம்மா செய்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாக்களைச் சேர்க்க முயலும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அவர் வந்ததே பெரிய விஷயமாகிவிடுகிறது. இவர் வராத ஒரு நாள் குற்றமாகிவிடுகிறது.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மன்னிப்பால் அவருடைய வேலை குறையாது. எனவே அந்த வாரம் மூவரும் உட்கார்ந்து நேரத்தைப் பிரித்தோம். காலை ஆறரையிலிருந்து ஏழேகால்வரை கவின் அப்பாவின் பொறுப்பு: பல் தேய்ப்பது, சட்டை மாற்றுவது, பால் வாங்கப் போவது. அந்த நேரத்துப் பயிற்சிகளைச் சித்ராவின் தாளிலிருந்து அடித்துவிட்டு, செந்திலின் பேரில் எழுதினேன். அப்பா வந்ததால் அம்மாவுக்கு ஒரு வேலையாவது உண்மையில் குறைந்ததா என்பதுதான் இதில் சரிபார்க்க வேண்டியது. குறையவில்லையென்றால், அவருக்கு மேற்பார்வை என்ற இன்னொரு வேலையைக் கூட்டியிருக்கிறோம்.

அந்த முக்கால் மணி நேரத்துக்குச் சித்ராவிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன்: சமையலறையிலிருந்து திருத்தக்கூடாது. "அப்படி இல்லீங்க, இப்படிப் பிடிங்க" என்று ஒரு குரல் வந்தால், புதிதாகக் கற்றுக்கொள்பவர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இது அவருக்கு எளிதாக இல்லை. இவ்வளவு நாள் தப்பு நடந்தால் பழி தன்மேல்தான் வரும் என்று பழகியவர் எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்? சட்டையைப் பின்பக்கம் முன்னால் போட்டுக்கொண்டு கவின் பால் வாங்கப் போன நாளில்கூட வாயைத் திறக்கவில்லை என்று பின்னால் பெருமையாகச் சொன்னார். இந்த முறை கைதட்டியது அவருக்கு.

இனி சித்ரா தூது சொல்லவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். செந்திலுக்கான செய்தி செந்திலின் போனுக்கே போகும், அரை நிமிடக் குரல்பதிவாக. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டு அவரும் குரலிலேயே பதில் அனுப்புவார்.

எங்கே இது பொருந்தாது

எல்லா வீட்டுக்கும் இந்த வழி பொருந்தாது. குடித்துவிட்டு அடிக்கும் வீடு, மனைவியோ பிள்ளையோ அவரைக் கண்டு பயப்படும் வீடு என்றால், அப்பாவைச் சேர்ப்பது நோக்கமாக இருக்கவே கூடாது. அதனால்தான் முதல் மாதத்திலேயே அம்மாவிடம் தனியாக ஒருமுறை பேசிவிட வேண்டும். வீட்டில் பாதுகாப்பு இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான எண் 1098 இரண்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பழி போடாமல் இருப்பது, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதாகிவிடக் கூடாது.

சில அப்பாக்கள் ஒதுங்கியிருப்பதற்கு மனச்சோர்வு காரணமாக இருக்கும். தூக்கம் போய், பிடித்தது எதிலும் ஈடுபாடில்லாமல், எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழுவார்கள். இது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அவரையும் ஒரு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலண்டரில் குறி போடச் சொல்வது அங்கே மருந்தாகாது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவுக்கு எக்ஸெல் இல்லை. ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டு அல்லது ஒரே விளையாட்டோடு வரும் வீடியோ கால் இருக்கலாம். அப்பாவே இல்லாத வீட்டில் மாமாவோ தாத்தாவோ அந்த இடத்தில் இருக்கலாம். யாரும் இல்லையென்றால் அதை ஒரு குறையாக அம்மாவிடம் சொல்லிக் காட்டக்கூடாது.

பால் வாங்கப் போவதால் ஆட்டிசம் போய்விடாது என்பதையும் செந்திலிடம் நான் தெளிவாகச் சொன்னேன். இப்போது ஆறு மாதம் ஆகிறது. கவின் தானாகச் சொல்லும் சொற்கள் ஆறிலிருந்து பதினான்கு ஆகியிருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் நடக்கும் பயிற்சி, சித்ராவின் உழைப்பு, அவன் வயது, எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சென்ற வாரம் மதியம் ஒன்றேகாலுக்குச் செந்திலிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் மிஷின் சத்தம் இல்லை, சாப்பாட்டு நேரம். "மேடம், இன்னைக்கு எனக்குக் காய்ச்சலுங்க, எந்திரிக்கல. அவனே வந்து ஆணியில தொங்குன சாவியைக் காட்டிக் காட்டி நின்னானுங்க. அப்புறம் என் கையைப் புடிச்சு இழுக்கல. காட்டுனானுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்கம்மா சொன்னாங்கல்ல, நான் காட்டுவன்னு. அதே மாதிரிங்க."

கவினின் ஃபைலை எடுத்து, நான்காவது மாதத்து வரியை அடித்துவிட்டு அதன் பக்கத்தில் எழுதினேன்: "கைகாட்டிக் கேட்டான். தகவல்: அப்பா." ஃபைலின் முதல் பக்கத்தை இப்போது புதிதாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம். தொடர்பு எண்ணுக்கு இரண்டு கோடு.